கன்னடப் பலகையைத் தமிழில் காட்டும் செயலிகள்: எது மேல் என்று நியாயமாகச் சோதிப்பது எப்படி?

ஓசூர்_லோடு | 2 ஜூன் 2025, இரவு 9.40

எங்கள் வண்டிகள் ஓசூரிலிருந்து பெங்களூரில் இருக்கிற கலாசிபாளையத்துக்கும் யஷ்வந்த்பூர் யார்டுக்கும் தினமும் போகின்றன. ஓட்டுநர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பலகையைப் போட்டோ எடுத்தால் தமிழில் காட்டுகிற செயலி ஒன்றை எல்லார் போனிலும் போட்டுக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். மூன்று செயலிகள் கைவசம் இருக்கின்றன. பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் அ, ஆ, இ என்றே வைத்துக்கொள்வோம்.

பசங்க இப்போது பயன்படுத்துவது அ. அது தப்பாகச் சொன்னபோதெல்லாம் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஆல்பமே சேர்ந்துவிட்டது. அந்தப் படங்களையே மூன்றிலும் போட்டு, எது அதிகம் சரியாகச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்வது சரியான வழியா? வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

லென்ஸ்காரன் | 2 ஜூன், இரவு 10.15

எல்லாம் படத்தின் கையில்தான் இருக்கிறது. நேராக நின்று, வெளிச்சத்தில், எழுத்து முழுதாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். நல்ல படம் கொடுத்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் சொல்லும். மங்கலான படத்தை வைத்துச் சோதிப்பது செயலியைச் சோதிப்பது ஆகாது, உங்கள் போன் கேமராவைச் சோதிப்பதாகத்தான் ஆகும்.

பிழைதிருத்தி | 3 ஜூன், காலை 7.05

அந்த ஆல்பத்தை இதற்கு எடுக்காதீர்கள். அதில் இருப்பதெல்லாம் அ தோற்ற படங்கள். அ ஒழுங்காகச் சொன்ன பலகையை யாரும் உங்களுக்கு அனுப்பவில்லை. ஆ, இ இரண்டும் தோற்ற பலகைகளும் அதில் இல்லை. அதை வைத்துப் போட்டி வைத்தால் ஓட்டம் தொடங்கும் முன்பே அ தோற்றுவிட்டது.

படம் எடுப்பவர் பலகையைப் பொறுக்கக் கூடாது. ஒரு தெருவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணில் படுகிற கன்னடப் பலகை ஒவ்வொன்றையும் எடுங்கள். சுவாரஸ்யமானது, சப்பென்றது என்று பார்க்காதீர்கள். எடுத்து முடிக்கும்வரை எந்தச் செயலியையும் திறக்காதீர்கள்.

லென்ஸ்காரன் சொல்வது பாதி சரி. எழுத்தே தெரியாத படத்தை வைத்துப் பயனில்லை. ஆனால் ஓட்டுநர் வண்டியில் உட்கார்ந்தபடி, கண்ணாடி வழியாக, சாய்வாகத்தான் எடுப்பார். நேர்ப்படத்தில் மூன்றும் சமம், சாய்ந்த படத்தில் ஒன்று மட்டும் தாங்கும் என்றால் அவருக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டாவது விஷயம். அதனால் ஒரே பலகையை நேராக ஒன்று, வண்டியிலிருந்து ஒன்று என்று எடுத்துத் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள்.

ஷார்ஜாவாசி | 3 ஜூன், காலை 11.30

அண்ணா, மருந்து அட்டையில் அரபியில் எழுதியிருப்பதைத் தமிழில் படிக்க எது நல்லது? இங்கே பார்மசியில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்த மூன்றில் எதைப் போடலாம்?

பிழைதிருத்தி | 3 ஜூன், மதியம் 12.10

@ஷார்ஜாவாசி, கன்னடத்தில் ஜெயித்தது அரபியிலும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. மருந்து அளவுக்கு எந்தச் செயலியையும் நம்பாதீர்கள். பார்மசியிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஓசூர்_லோடு | 5 ஜூன், இரவு 10.20

சிட்டி மார்க்கெட்டிலிருந்து கலாசிபாளையம் போகிற வழியில் ஒரு பக்கம் முழுக்க எடுத்தாயிற்று. யார்டுக்குள் இன்னொரு வரிசை. ஒரு பிரச்சினை: பெரும்பாலான பலகைகளில் கன்னடத்துக்குக் கீழே ஆங்கிலமும் இருக்கிறது. கர்நாடகத்தில் 2024இல் வந்த சட்டத் திருத்தப்படி பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருந்தால் போதும், மீதியில் ஆங்கிலம் இருக்கலாம். இவற்றைச் சேர்க்கலாமா?

பிழைதிருத்தி | 6 ஜூன், காலை 6.50

நல்ல கேள்வி. செயலி கன்னடத்தைத் தப்பாகப் படித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தைச் சரியாகத் தமிழாக்கினால் உங்கள் அட்டவணையில் அது வெற்றியாகத்தான் விழும். கன்னடம் மட்டும் இருக்கிற பலகை வந்ததும் அதே செயலி கைவிரிக்கும். கன்னடம் மட்டும் உள்ளவை ஒரு குவியல், இருமொழிப் பலகைகள் இன்னொரு குவியல். முதல் குவியலை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டாவது, தெருவில் நடைமுறையில் எவ்வளவு உதவி கிடைக்கிறது என்று பார்க்க.

கடைப்பெயர் மட்டும் உள்ள பலகையையும் ஒதுக்குங்கள். பெயரில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை, அதற்கு மதிப்பெண் போட்டால் சண்டைதான் மிச்சம்.

லென்ஸ்காரன் | 6 ஜூன், காலை 9.00

ஆங்கிலப் பகுதியை வெட்டிவிட்டால் ஒரே குவியலாகிவிடுமே?

பிழைதிருத்தி | 6 ஜூன், காலை 9.40

வெட்டலாம். ஆனால் அது தெருவில் இல்லாத பலகை ஆகிவிடும். ஓரத்தில் பாதி எழுத்து நின்றாலும் குழப்பும். படம் போதாமல் போனால் மட்டும் வெட்டுங்கள், வெட்டியதற்கு ஒரு குறி போடுங்கள்.

மல்லேஸ்வரத்தம்மா | 6 ஜூன், மாலை 4.25

ஐம்பது வருஷமாகப் பெங்களூரில் இருக்கிறேன், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். படங்களை அனுப்புங்கள் தம்பி, கன்னடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தட்டச்சு செய்து, தமிழில் பொருளும் எழுதித் தருகிறேன். வாடகைப் பலகைகளில் வீட்டுக்காரர் போன் நம்பர் இருக்குமே, அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஓசூர்_லோடு | 6 ஜூன், இரவு 8.00

ரொம்ப நன்றி அம்மா. நம்பரை மறைத்த படத்தையே மூன்று செயலிக்கும் கொடுக்கிறேன். ஒன்றுக்கு மறைத்தது, இன்னொன்றுக்கு மறைக்காதது என்று கலக்க மாட்டேன்.

மல்லேஸ்வரத்தம்மா | 9 ஜூன், காலை 10.10

முடித்துவிட்டேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. யார்டில் ஒரு பலகையில் மணி 6லிருந்து 9 வரை என்று கன்னட எண்ணில் எழுதியிருக்கிறது. கன்னட ஆறும் ஒன்பதும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்தால் எனக்கே சந்தேகம் வரும். அந்த மாதிரிப் பலகையில் நேரத்தைத் தனியாகச் சரிபாருங்கள். அப்புறம், கன்னடத்தில் ஒத்தெழுத்து கீழே சின்னதாகத் தொங்கும். "ரஸ்தெ" என்ற சொல்லில் த அப்படித்தான் அடியில் இருக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஓசூர்_லோடு | 9 ஜூன், இரவு 11.15

கன்னடம் மட்டும் உள்ளவை, தடை, எச்சரிக்கை, நேரம், வழி சொல்பவை என்று பொறுக்கியதில் 40 பலகை நின்றன. மூன்று செயலியிலும் ஓட்டினேன். நேரலைக் கேமரா வேண்டாம் என்று முடிவு செய்தேன். கை அசைந்தால் எழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது, எதை எழுதிக்கொள்வது என்றே தெரியவில்லை. சேமித்த கோப்பைத் திறந்து, வரும் தமிழை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியும் செயலியின் பதிப்பு எண்ணும் குறித்தேன். இணையம் இருந்த நிலை, மொழிப் பொதியை இறக்கி இணையம் இல்லாத நிலை இரண்டும் தனி. யார்டுக்குள் பல இடத்தில் சிக்னல் கிடையாது.

இப்போது மதிப்பெண்ணில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு பலகையை முழுசாகக் காட்டுகிறேன். ஒரு வீட்டு கேட்டில் கையால் எழுதியது:

"இல்லி வாஹன நில்லிசபாரது. நில்லிசிதரெ சக்ரத காளி தெகெயலாகுவுது."

அம்மா தந்த பொருள்: இங்கே வண்டி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவோம்.

அ சொன்னது: "இங்கே வாகனங்களை நிறுத்தலாம். நிறுத்தினால் சக்கரத்தின் காற்று அகற்றப்படும்."

ஆ சொன்னது: "இங்கு வாகனம் நிறுத்த கூடாது நிறுத்தினால் சக்கர காற்று எடுக்கும்."

இ சொன்னது: "வாகனங்களை நிறுத்த வேண்டாம்."

சொல் சொல்லாக ஒப்பிட்டால் அம்மாவின் வரிக்குப் பக்கத்தில் நிற்பது அ. வாக்கியமும் சுத்தம். ஆ கொடுத்தது கொச்சையாக இருக்கிறது. இ பாதியை விழுங்கிவிட்டது. ஆனால் அ சொன்னதை நம்பினால் வண்டி நாலு சக்கரமும் தரையோடு உட்கார்ந்திருக்கும்.

பிழைதிருத்தி | 10 ஜூன், காலை 7.20

இந்த ஒரு பலகை போதும், ஏன் சொல் ஒற்றுமையை வைத்து மதிப்பெண் போடக் கூடாது என்று காட்ட. பி.எல்.இ.யூ என்று 2002இல் வந்த கணக்கு அப்படிப்பட்டது, சொல் கோவைகள் எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணும். ஆயிரக்கணக்கான வாக்கியங்களுக்கு மொத்தமாகப் பார்க்க உதவும். ஏழெட்டுச் சொல் உள்ள பலகைக்கு அதை வைத்தால் "கூடாது" என்பதும் ஒரு சொல், "சக்கரம்" என்பதும் ஒரு சொல், அவ்வளவுதான்.

நான் வேலையில் செய்கிற முறை இது. செயலியின் விடையைப் பார்க்கும் முன்பே, ஒவ்வொரு பலகைக்கும் கட்டாயம் வந்து சேர வேண்டிய செய்திகளை எழுதி வைத்துவிடுங்கள். இந்தப் பலகைக்கு இரண்டு: நிறுத்தாதே என்பது முதன்மை, காற்றைப் பிடுங்குவோம் என்பது துணை. முதன்மை தலைகீழானாலோ விட்டுப்போனாலோ 5 பிழைப்புள்ளி. துணை போனால் 1. இலக்கணம், சந்தி இவற்றுக்கு உங்கள் வேலையில் புள்ளியே வேண்டாம், பொருள் புரியாமல் போனால் மட்டும் 1. ஒரு பலகைக்கு அதிகபட்சம் 5 என்று மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வரி விதிமுறைப் பலகை ஒன்று மட்டும் மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதன்படி அ-வுக்கு 5, ஆ-வுக்கு 0, இ-க்கு 1.

ஓசூர்_லோடு | 10 ஜூன், இரவு 9.30

5க்கு 1 என்பது எங்கிருந்து வருகிறது?

பிழைதிருத்தி | 10 ஜூன், இரவு 10.05

எம்.க்யூ.எம் என்ற பிழை வகைப்படுத்தும் முறையிலிருந்து. 2021இல் வந்த ஒரு ஆய்வில் பெரிய பிழைக்கு 5, சின்னதுக்கு 1, மொழிபெயர்ப்பே இல்லை என்று சொல்லும்படி முழுக்க உளறலாக இருந்தால் 25 என்று வைத்தார்கள். அந்த 25ஐ மட்டும் நீங்கள் அப்படியே எடுக்காதீர்கள்.

ஓசூர்_லோடு | 11 ஜூன், காலை 6.15

அதைப் பற்றித்தான் ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் கணக்கு மாறுகிறது. செயலி ஒன்றுமே சொல்லாமல் விட்டால், அல்லது யாருக்கும் விளங்காத உளறலைச் சொன்னால், ஓட்டுநர் இறங்கி டீக்கடையில் கேட்பார். ஐந்து நிமிஷம் போகும். தெளிவான தமிழில் தப்பாகச் சொன்னால் கேட்கவே மாட்டார், நிறுத்திவிடுவார். அதனால் வெற்று விடைக்கும் உளறலுக்கும் 2, தெளிவான தப்புக்கு 5 என்று வைக்கப் போகிறேன். புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கிறவருக்கு இது பொருந்தாது, எங்களுக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் செய்யப் போகிறேன். கன்னடம் தெரியாத ஓட்டுநர் ஒருவரிடம் படத்தைக் காட்டாமல் தமிழ் விடையை மட்டும் படிக்கக் கொடுத்து, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். எந்தச் செயலியின் விடை என்று தெரியாதபடி கலைத்துத்தான் கொடுப்பேன். பசங்களுக்கு அ மேல் ஏற்கெனவே கோபம் இருக்கிறது.

லென்ஸ்காரன் | 11 ஜூன், காலை 8.45

படத்தைக் காட்டாமல் கேட்டால் எப்படி? வட்டத்துக்குள் கோடு போட்ட குறி இருந்தால் தமிழே வேண்டாமே. தெருவில் அவர் அதையும்தானே பார்க்கிறார்.

ஓசூர்_லோடு | 11 ஜூன், மதியம் 1.20

சரியான பேச்சு. குறி உள்ள பலகைகளைத் தனியாகப் பிரித்துவிட்டேன். அவற்றில் செயலி தப்பாகச் சொன்னாலும் குறி காப்பாற்றும், செயலிக்குப் பெருமை போகக் கூடாது.

மல்லேஸ்வரத்தம்மா | 12 ஜூன், மாலை 5.00

அந்த கேட் பலகையில் அ ஏன் சறுக்கியது என்று பார்த்தேன். "நில்லிசபாரது" என்றால் நிறுத்தக் கூடாது, "நில்லிசபஹுது" என்றால் நிறுத்தலாம். முழு வித்தியாசமும் கடைசித் துண்டில்தான் இருக்கிறது. படத்தில் அந்த இடத்தில் பெயின்ட் வழிந்து கிடக்கிறது. எழுத்தைப் படித்ததில் போயிற்றா, மொழிபெயர்த்ததில் போயிற்றா?

பிழைதிருத்தி | 12 ஜூன், இரவு 8.30

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்த கன்னட வரியை அதே செயலியில் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். தமிழ் சரியாக வந்தால் கண் சரியில்லை. அப்போதும் தப்பாக வந்தால் மொழி சரியில்லை. பிழை வந்த எல்லாப் பலகைக்கும் இதைச் செய்து, இரண்டாகப் பிரியுங்கள். கண் கோளாறு என்றால் பக்கத்தில் போய் எடுக்கச் சொன்னால் பாதி சரியாகும். மொழிக் கோளாறு என்றால் எவ்வளவு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்தாலும் தீராது. லென்ஸ்காரனின் முதல் கேள்விக்கும் விடை இதிலேயே கிடைக்கும்.

ஓசூர்_லோடு | 13 ஜூன், இரவு 10.50

செய்து பார்த்தேன். அ-வில் பெரும்பாலும் கண் கோளாறு. கேட் பலகையைத் தட்டச்சாகப் போட்டதும் "நிறுத்தக் கூடாது" என்று வந்துவிட்டது. இரண்டு படத்தில் கன்னடத்தைத் தெலுங்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, எழுத்து வடிவம் அவ்வளவு ஒட்டிக் கிடக்கிறது. மொழியைக் கையால் கன்னடம் என்று வைத்ததும் அவை சரியாயின. அதனால் மூன்று செயலியிலும் மொழியைக் கையால் வைத்து இன்னொரு சுற்று ஓட்டினேன். தானாகக் கண்டுபிடிக்க விட்ட சுற்று தனிப் பத்தியில் இருக்கிறது.

ஆ-வில் மொழிக் கோளாறு அதிகம். வேகத்தடைக்குக் கன்னடத்தில் "ரஸ்தெ உப்பு" என்று எழுதுவார்கள், உப்பு என்றால் அங்கே மேடு. ஆ அதைச் "சாலைத் திமில்" என்கிறது. தட்டச்சு செய்து போட்டாலும் அதேதான். நடுவில் ஹம்ப் என்று ஆங்கிலம் வழியாகப் போய்வருகிறதோ என்று சந்தேகம்.

பிழைதிருத்தி | 14 ஜூன், காலை 7.00

வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலம் இல்லாத இரண்டு மொழிகளுக்கு நடுவில் பல கருவிகள் அப்படித்தான் போகின்றன. ஆனால் விடையை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அட்டவணையில் காரணம் எழுதாமல் "மொழி" என்று மட்டும் குறியுங்கள்.

லென்ஸ்காரன் | 14 ஜூன், காலை 10.30

இதற்கெல்லாம் ஏற்கெனவே படத் தொகுப்பு இருக்குமே? பெங்களூர்ப் பலகைகளை வைத்தே ஒன்று உண்டு என்று படித்த ஞாபகம்.

பிழைதிருத்தி | 14 ஜூன், காலை 11.15

சார்ஸ்74கே. 2009 கட்டுரையோடு வந்தது. பெங்களூர்த் தெருப் பலகைகளிலிருந்து கன்னட, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்த தொகுப்பு. எழுத்தை அடையாளம் காணுவதற்கானது, பொருள் அதில் கிடையாது. பொதுவெளியில் இத்தனை வருஷமாக இருப்பதால் செயலிகள் அதைப் பயிற்சியிலேயே பார்த்திருக்கலாம். நேற்று எடுத்த படத்துக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அதனால்தான் இந்த 40 படத்தையும் இணையத்தில் போட வேண்டாம் என்கிறேன். அடுத்த வருஷம் இதே சோதனையை மறுபடி நடத்தலாம்.

ஓசூர்_லோடு | 15 ஜூன், இரவு 9.10

கன்னடம் மட்டும், இணையம் உள்ள நிலை, மொழியைக் கையால் வைத்தது. பெரிய பிழை, அதாவது 5 விழுந்த பலகைகள்: அ-வில் 9, ஆ-வில் 7, இ-யில் 4. ஆகவே இ தான் என்று முடித்துவிடலாமா?

பிழைதிருத்தி | 15 ஜூன், இரவு 10.00

மொத்தத்தைப் பார்க்காதீர்கள். இரண்டிரண்டு செயலியாக எதிரெதிரே வையுங்கள். இரண்டும் சரியாகச் சொன்ன பலகையும், இரண்டும் சறுக்கிய பலகையும் இந்தக் கேள்விக்கு ஒன்றும் சொல்லாது. ஒன்று சரி, ஒன்று தப்பு என்று பிரிந்த பலகைகள் எத்தனை? அவற்றில் யார் பக்கம் எத்தனை?

ஓசூர்_லோடு | 15 ஜூன், இரவு 10.40

அ-வையும் இ-யையும் வைத்தால் பிரிந்தவை 7. அதில் 6 இடத்தில் இ சரி, 1 இடத்தில் அ சரி. ஆ-வையும் இ-யையும் வைத்தால் பிரிந்தவை 5, இ பக்கம் 4.

பிழைதிருத்தி | 16 ஜூன், காலை 6.40

இரண்டும் சமம் என்றே வைத்துக்கொண்டு நாணயம் சுண்டினால்கூட, 7இல் 6க்கு 1 அல்லது அதைவிட ஒருபக்கமாக விழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தில் 4க்கு 1 என்பது இன்னும் சாதாரணம். பிரிந்தவை 10 இருந்து அதில் 9க்கு 1 என்று வந்திருந்தால் நூறில் இரண்டு, அப்போது தைரியமாகச் சொல்லலாம். இப்போதைக்கு இ முந்துகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு தெருவில் இதே மாதிரி 40 எடுத்து முன்னதோடு சேருங்கள். நடுவில் எட்டிப் பார்த்து, பிடித்த விடை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

மல்லேஸ்வரத்தம்மா | 16 ஜூன், காலை 11.00

ராஜாஜிநகர் பக்கம் நான் எடுத்து அனுப்புகிறேன். தொழிற்பேட்டை உள்ள இடம், லோடு ஏற்றி இறக்கும் நேரம் எழுதிய பலகைகள் கிடைக்கும்.

ஓசூர்_லோடு | 18 ஜூன், இரவு 11.00

நன்றி அம்மா. இதற்கிடையில் கேட் பலகையை ஓட்டுநர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அ-வின் விடையைப் படித்துவிட்டு ஒருவர், "நிறுத்தலாம்னு போட்டிருக்கே, நிறுத்திடுவேன்" என்றார். இன்னொருவர் இரண்டாவது வரி வரை படித்துவிட்டு, "நிறுத்தலாம்னு சொல்லிட்டு எதுக்கு காத்தைப் பிடுங்கணும்? இதுல என்னமோ தப்பு இருக்கு, நான் கேட்டுட்டுத்தான் நிறுத்துவேன்" என்றார். முதலாமவருக்கு இது 5. இரண்டாமவருக்கு உளறலுக்குச் சமம், அதாவது 2.

பிழைதிருத்தி | 19 ஜூன், காலை 7.10

5 என்றே வையுங்கள். முதன்மைச் செய்தி தலைகீழ். படிப்பவரின் சாமர்த்தியத்தைச் செயலியின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

மல்லேஸ்வரத்தம்மா | 19 ஜூன், காலை 9.30

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுப் பலகையையும் காட்டியதால்தானே அவருக்குச் சந்தேகம் வந்தது. இ மாதிரி இரண்டாவது வரியை விழுங்கிவிட்டு, முதல் வரியும் தலைகீழாகியிருந்தால் இருவருமே நிறுத்தியிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே 5 என்பது நியாயமாகப் படவில்லை.

ஓசூர்_லோடு | 19 ஜூன், இரவு 10.15

இரண்டு பேர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. பலகைக்கு 5 என்றே போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டிருக்கிறேன்: படித்தவர்களில் எத்தனை பேர் தப்பான காரியத்தைச் செய்திருப்பார்கள் என்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கவில்லை. ராஜாஜிநகர்ப் படங்களுக்கும் இதே இரண்டு பத்தி. விடையைப் படிக்க இந்த முறை மூன்று பேரைக் கேட்கிறேன், ஒருவர் வண்டிக்குப் புதுசு.